‘பார்க்கலாம்’ என்று எழுதிவிட்டேன், இனி எப்படி மறுப்பது?

*அன்புள்ள மேடம், எனக்கு வயது 28. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லிங்க்ட்இன் தளத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இணைப்புக் கேட்டார். வேறொரு நிறுவனத்தில் உயர் பதவியில் இருப்பதாக அவருடைய பக்கம் சொல்கிறது. என் மேலாளரும் அவருடைய இணைப்பில் இருந்ததால் ஏற்றுக்கொண்டேன். இரண்டு நாளில், ‘உங்கள் பணிப் பின்னணி பிடித்திருந்தது. ஒரு காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாமா?’ என்று எழுதினார். என்ன சொல்வதென்று தெரியாமல், ‘பார்க்கலாம் சார், இப்போது வேலை கொஞ்சம் அதிகம்’ என்று பதில் போட்டேன். இப்போது, ‘இந்த மாதக் கடைசி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நுங்கம்பாக்கத்தில் சந்திக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறார். எனக்குப் போக விருப்பமில்லை. முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் மனம் வரவில்லை. துறையில் யாரை எப்போது எங்கே சந்திக்க நேரும் என்று தெரியாதே. என்ன எழுதட்டும்?*

*வாசகி, சென்னை*

அன்புத் தோழிக்கு,

சிக்கல் ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கியிருக்கிறது. வீட்டிலும் உறவிலும் நாம் அதை மறுப்பாகத்தான் பயன்படுத்துகிறோம். சீட்டில் சேரச் சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘பார்க்கலாம் அக்கா’ என்று இழுத்தால், அவர் புரிந்துகொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார். உங்கள் முகத்தையும் அந்த இழுப்பையும் வைத்து அவர் புரிந்துகொள்கிறார். ‘பேசலாமா?’ என்று எழுத்தில் கேட்ட ஒருவருக்கு ‘பார்க்கலாம்’ என்று எழுத்தில் பதில் போனால், ‘சந்திக்கலாம்’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். இதோடு ‘இப்போது வேலை அதிகம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘இப்போது’ என்ற சொல் ‘பிறகு’ என்பதையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். ஆகவே அவர் நாள் குறித்துக் கேட்டதை நான் அத்துமீறலாகப் பார்க்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்திருக்கிறார். உங்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அடுத்த பதிலில் கோபம் இருக்கக்கூடாது, ஒரு சிறு திருத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிலே போடாமல் விட்டுவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மௌனமும் நல்ல மறுப்புதான், ஆனால் அதற்கான இடம் வேறு. ஒருவர் இணைப்புக் கேட்கும்போது Ignore என்பதை அழுத்தினால் அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அங்கே மறுப்பது யாரையும் புண்படுத்தாது. இணைப்பை ஏற்று, ஒரு முறை பதிலும் எழுதி, எதிரே ஒருவர் தேதி, நேரம், இடம் மூன்றையும் சொல்லிக் காத்திருக்கும்போது மௌனமாக இருந்தால் அது அவமதிப்பாகப் படும். இருவருமே படித்த அடையாளம் காட்டும் வசதியை அணைக்காமல் வைத்திருந்தால், நீங்கள் அவருடைய செய்தியைத் திறந்து படித்தது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். செய்திப் பெட்டிக்கான அமைப்புகளில் அதை அணைத்து வைக்க முடியும். அடுத்த முறைக்கு உதவும்.

மறுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம்? அழைப்பில் ‘காபி’ என்ற சொல் இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். நம் ஊரில் காபியை மறுப்பது விருந்தோம்பலை மறுப்பது. ஒரு வீட்டுக்குப் போய் ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்றால், ‘அரை டம்ளராவது’ என்பார்கள். முதல் மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் வற்புறுத்துவதுதான் அங்கே மரியாதை. இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை வாங்கிக்கொள்வது நமக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே லிங்க்ட்இன் தளத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே அழைப்பவர் விருந்து வைப்பவர் இல்லை. உங்களிடம் ஏதோ ஒன்றை வேண்டி வருபவர். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு அவர் தரும் விலை அந்தக் காபி. அதுவும் ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை. சோழிங்கநல்லூரிலிருந்து சனிக்கிழமை மாலை பழைய மகாபலிபுரம் சாலை வழியாக நுங்கம்பாக்கம் போய்த் திரும்பினால், உங்கள் ஓய்வு நாளின் பாதி கரைந்துவிடும். கேட்பது அவருடைய உரிமை. கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்களுடையது.

ஒன்றைக் கவனித்தீர்களா? எதற்காகச் சந்திக்க வேண்டும் என்பதை அவர் இரண்டு செய்திகளிலும் சொல்லவில்லை. மனிதவளத் துறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். என் அனுபவத்தில், வேலைக்கு ஆள் தேடுபவர் முதல் செய்தியிலேயே பதவியின் பெயரைச் சொல்லிவிடுவார். வழிகாட்டுதல் கேட்கும் இளைஞர் தன் கேள்வியைச் சொல்லிவிடுவார். காரணமே இல்லாமல் ‘உங்கள் பின்னணி பிடித்திருந்தது’ என்று வரும் அழைப்பு எதற்கென்று சந்திப்பில்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் அழைப்பை ஏற்று தியாகராய நகரில் ஒரு காபிக் கடைக்குப் போனேன். முதல் பத்து நிமிடம் என் வேலையைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். ‘விசாரித்தார்கள்’ என்பது மரியாதைப் பன்மை இல்லை, வந்தவர்கள் இருவர். பிறகு ஒரு நோட்டை விரித்து வட்டங்கள் வரைந்தார்கள். உங்களுக்குக் கீழே மூன்று பேர், அவர்களுக்குக் கீழே மூன்று பேர் என்று. எழுந்து வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உங்களை அழைத்தவரும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே துறை பற்றிப் பேச விரும்பும் நல்ல மனிதராக இருக்கலாம். அவர் எண்ணம் என்னவென்று கண்டுபிடித்த பிறகுதான் மறுக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. போக விருப்பமில்லை என்பதே போதும்.

இனி எழுத வேண்டிய பதிலுக்கு வருவோம். பெரும்பாலோர் சறுக்கும் இடம் காரணம் சொல்வது. காரணம் ஒன்றைச் சொன்னால், நல்லெண்ணம் உள்ளவர் அதைத் தீர்த்துவைக்கப் பார்ப்பார். ‘சனிக்கிழமை வீட்டில் விருந்தினர் வருகிறார்கள்’ என்றால் ‘அப்படியானால் ஞாயிறு?’ என்பார். ‘நுங்கம்பாக்கம் தூரம் சார்’ என்றால் ‘நானே சோழிங்கநல்லூர் வருகிறேன், உங்கள் அலுவலக வாசலிலேயே ஒரு கடை இருக்கிறதே’ என்பார். இப்போது உங்கள் நிலைமை முன்பைவிட மோசம். அவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு மறுப்பது இன்னும் கடினம். ‘தலைவலி’ என்றால் மூன்றாம் நாள் நலம் விசாரித்துச் செய்தி வரும்.

பெண்கள் அடிக்கடி எடுக்கும் இன்னொரு காரணம் ‘வீட்டில் விட மாட்டார்கள்’ என்பது. தயவுசெய்து அதை எழுதாதீர்கள். உங்கள் முடிவை வேறு யாருடைய முடிவாகவோ மாற்றிக் காட்டுகிறது அது. வீட்டார் சம்மதித்தால் நீங்கள் வருவீர்கள் என்றும் ஆகிறது. அதோடு உங்கள் வீட்டு நிலவரம் ஒரு முகம் தெரியாதவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

காரணம் சொல்லாமல் மறுத்தால் கடுமையாக இருக்காதா என்று கேட்பீர்கள். தமிழ் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. ‘வர முடியவில்லை’, ‘வர மாட்டேன்’, ‘வருவதற்கில்லை’ என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வர முடியவில்லை’ என்பது வர ஆசைதான், ஏதோ தடுக்கிறது என்று சொல்கிறது. தடை நீங்கினால் வருவீர்கள் என்று அவர் நம்புவது நியாயம். ‘வர மாட்டேன்’ நீங்கள் அஞ்சும் அந்த முகத்தில் அடிக்கும் தொனி. ‘வருவதற்கில்லை’ என்பதில் தடையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. முடிவு மட்டும் இருக்கிறது.

அதேபோல ‘சந்திக்க இயலவில்லை’ என்பது இந்த ஒரு சந்திப்பைப் பற்றியது. ‘சந்திப்பதில்லை’ என்பது உங்கள் வழக்கத்தைப் பற்றியது. வழக்கம் என்று சொல்லும்போது எதிரே இருப்பவரை நீங்கள் எடைபோட்டு ஒதுக்கவில்லை என்பது அவருக்குப் புரிகிறது. நாளை வேறொருவர் கேட்டாலும் இதே பதில்தான் என்பதும் புரிகிறது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். இதே தளத்தில் அறிமுகமான வேறொருவரைச் சென்ற மாதம் சந்தித்து, படத்தையும் உங்கள் பக்கத்தில் போட்டிருந்தால் ‘சந்திப்பதில்லை’ என்று எழுதாதீர்கள். அவர் அந்தப் படத்தைப் பார்ப்பார். அப்போது ‘வருவதற்கில்லை’ மட்டும் போதும்.

மரியாதை எங்கே போயிற்று என்றால், அது ‘சார்’ என்ற விளியிலும் ‘உங்கள்’, ‘எழுதுங்கள்’ என்ற பன்மையிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மறுப்பைக் குழைத்துத்தான் மரியாதை காட்ட வேண்டும் என்பதில்லை. உங்களுக்காக நான் எழுதிப் பார்த்த பதில் இது.

> வணக்கம் சார். சந்திக்க அழைத்ததற்கு நன்றி. சென்ற முறை ‘பார்க்கலாம்’ என்று எழுதி உங்களைக் காத்திருக்க வைத்துவிட்டேன், மன்னிக்கவும். இந்தத் தளத்தின் வழியாக அறிமுகமானவர்களை நான் நேரில் சந்திப்பதில்லை. எனவே சனிக்கிழமை வருவதற்கில்லை. பணி தொடர்பாக ஏதாவது கேட்க நினைத்திருந்தால் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்.

மன்னிப்பு ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் உண்மையிலேயே உங்கள் பக்கம் இருந்த சிறு தவறுக்காக. மறுத்ததற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. மறுப்பதற்கே மன்னிப்புக் கேட்டால், ஏதோ கடமை தவறிவிட்டது போலவும் அதை ஈடுகட்ட வேண்டும் போலவும் ஆகிவிடும். ‘தவறாக நினைக்காதீர்கள்’ என்ற நம் வழக்கமான தொடரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தவறாக நினைக்க இடமிருக்கிறது என்று நாமே அவருக்கு எடுத்துக்கொடுக்க வேண்டாம். பதிலில் கேள்விக்குறி எங்குமே இல்லை என்பதையும் பாருங்கள். ‘பரவாயில்லையா சார்?’ என்று முடித்தால் ‘பரவாயில்லை’ என்றோ ‘வருத்தம்தான்’ என்றோ அவர் சொல்லியாக வேண்டும், உரையாடல் நீளும்.

‘இங்கேயே எழுதுங்கள்’ என்ற வரி உங்கள் விருப்பம். மனம் ஒப்பினால் மட்டும் வையுங்கள். வெறும் மரியாதைக்காக வைத்துவிட்டு, அவர் கேள்வி அனுப்பியதும் ஒதுங்கினால் இரண்டாவது ‘பார்க்கலாம்’ ஆகிவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வைப்பேன், ஏனென்றால் வேலை பற்றிய கேள்வி உள்ளவர் அதை எழுதிவிடுவார், வேறு நோக்கம் உள்ளவரிடம் எழுத ஒன்றும் இருக்காது. தொலைபேசி எண்ணையோ ‘பத்து நிமிடம் போனில் பேசலாம்’ என்ற சமரசத்தையோ இங்கே நுழைக்க வேண்டாம். காபிக்கு மறுத்துவிட்டு எண்ணைக் கொடுப்பது வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியை நீட்டுவதற்குச் சமம்.

ஆங்கிலத்தில்தான் அவரோடு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், வரிசை இதேதான். அங்கேயும் ‘இப்போதைக்கு’, ‘இந்த வாரம்’ என்ற பொருள் தரும் சொற்கள் பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அனுப்பும் முன் ஒரு முறை படித்து அவற்றை எடுத்துவிடுங்கள். அனுப்பிய பிறகு கண்ணில் பட்டாலும் 60 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும்.

உங்கள் பெரிய அச்சம் மேலாளரைப் பற்றியது என்று நினைக்கிறேன். இருவருக்கும் பொதுவான இணைப்பு என்று தளம் காட்டுவதற்கு ஒரே பொருள்தான், இருவரும் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கருத்தரங்கில் அட்டை மாற்றிக்கொண்டதாக இருக்கலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். என் இணைப்புகளில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. சந்தேகம் இருந்தால் மேலாளரிடமே கேட்டுவிடுங்கள். ‘இவர் என்னைச் சந்திக்கக் கேட்டிருக்கிறார், உங்களுக்குப் பழக்கமா சார்?’ என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ‘யாரென்றே நினைவில்லையே’ என்றால் உங்கள் பாரம் அங்கேயே இறங்கிவிடும். ‘நன்றாகத் தெரியும், பழைய சக ஊழியர்’ என்று சொன்னால், அவர் இனி முன்பின் தெரியாதவர் இல்லை. அப்போது முடிவை மாற்றிக்கொள்ள விரும்பினால், உங்கள் அலுவலக உணவகத்தில், வேலை நாளில், அரை மணி நேரம் என்று இடத்தையும் நேரத்தையும் நீங்கள் வையுங்கள். மாற்ற விருப்பமில்லை என்றால் அப்போதும் மறுக்கலாம், ‘சந்திப்பதில்லை’ என்ற வரியை மட்டும் மறுபடி யோசித்துக்கொள்ளுங்கள். எப்படியும் பதிலை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்தச் செய்தியின் திரைப்பிடிப்பை அவர் உங்கள் மேலாளரிடம் காட்டினால் உங்களுக்கு வெட்கமாக இருக்குமா? மேலே உள்ளதைக் காட்டினால் இருக்காது.

மறுப்பவர் மீது பகை வளரும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது, நான் மறுக்கப்பட்டவளாக இருந்தவரை. திருச்சியிலிருந்து வேலை தேடி இந்த ஊருக்கு வந்த புதிதில், மூத்தவர்கள் இருவரிடம் சந்திக்க நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் ‘நிச்சயம் பார்க்கலாம்மா, அடுத்த வாரம் நினைவுபடுத்துங்கள்’ என்றார். நான்கு மாதம் நினைவுபடுத்தினேன். ஒவ்வொரு திங்கள்கிழமையும் எழுதலாமா, தொல்லையாக நினைப்பாரா என்று குழம்பியது இன்றும் நினைவிருக்கிறது. இன்னொருவர் மறுநாளே, ‘நான் தனியாக யாரையும் சந்திப்பதில்லை. உங்கள் கேள்வியை எழுதுங்கள்’ என்று இரண்டே வரி அனுப்பினார். எழுதினேன், பதில் வந்தது. பிற்காலத்தில் இருவரையும் ஒரே கூட்டத்தில் சந்தித்தேன். நான் ஓடிப்போய் வணங்கியது இரண்டாமவரை.

மறுப்பது கேட்டவருக்கு நேரடியாகவே பயன்படும் ஓர் இடமும் அந்தத் தளத்தில் இருக்கிறது. இணைப்பில் இல்லாத ஒருவர் காசு கட்டிப் பெற்ற உரிமையில் இன்மெயில் அனுப்புகிறார் என்று வையுங்கள். அவருக்கு மாதத்துக்கு இத்தனை என்று அளவு உண்டு. நீங்கள் 90 நாளுக்குள் பதில் கொடுத்தால், அது ‘வேண்டாம்’ என்ற பதிலாகவே இருந்தாலும், செலவான ஒன்று அவர் கணக்குக்குத் திரும்பிவிடும். பேசாமல் விட்டால் திரும்பாது.

உங்கள் பதிலுக்குப் பிறகு அவர் மறுபடி வற்புறுத்தினால், ஒரே ஒரு முறை ‘சந்திப்பதற்கில்லை சார், நன்றி’ என்று எழுதுங்கள். புதிய விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். மூன்றாவது செய்திக்குப் பதில் தேவையில்லை, இணைப்பை நீக்கிவிடலாம். நீக்கியது அவருக்கு அறிவிப்பாகப் போகாது. பேச்சு உங்கள் தோற்றம், திருமணம், வீடு என்று திரும்பினால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். முதலில் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அனுப்பியவரும் 60 நிமிடத்துக்குள் தன் செய்தியை அழிக்க முடியும். பிறகு தளத்தில் புகார் செய்து தடை செய்யுங்கள். அவர் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரப்பில் இருந்து, வேலைத் தொடர்பை வைத்தே இப்படி நடந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் அலுவலகத்தில் அமைத்திருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கு மூன்று மாதக் கெடு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதிலை இன்றே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வரை வைத்திருந்தால், அவர் அந்தச் சனிக்கிழமைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருந்திருப்பார், அதே சொற்கள் அப்போது கசக்கும். அவர் ‘பரவாயில்லைம்மா, புரிகிறது’ என்று எழுதினால், ‘நன்றி சார்’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நிம்மதியில் ‘எப்போதாவது நேரம் அமைந்தால் கண்டிப்பாக...’ என்று கை தானாக எழுதத் தொடங்கும். அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.